எரர் காட்டாத பிழை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10, எம்.எஸ். ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ஆகிய மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஒரே கணினியை ஓட்டிவந்த சிறு நிறுவனங்கள் பலவும் அதற்குப் பிறகு புதுக் கணினியும் புது ஆபீஸும் வாங்க வேண்டியதாயிற்று. வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை, பழைய கணினியில் உள்ள கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவந்து புதியதில் போட்டு, திறக்கிறதா என்று பார்ப்பது. திறக்கும். பழைய எக்செல் கோப்புகளைப் புதிய எக்செல் நன்றாகவே திறக்கும். சிக்கல் திறப்பதில் இல்லை. திறந்த பிறகு அந்தக் கோப்பு பழைய விடையையே தருகிறதா என்பதில் இருக்கிறது.

கோவை பீளமேட்டுப் பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நாற்பது தொழிலாளர்கள். சம்பளக் கணக்கு முழுவதும் ஒரே எக்செல் கோப்பில். அதை 2006 வாக்கில், எக்செல் 2003 இருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த ஓர் இளைஞர் எழுதிக்கொடுத்தார். அவர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது இருக்கும் கணக்கருக்குத் தெரிந்ததெல்லாம் வருகைப் பதிவை நிரப்பி, அதிலுள்ள பட்டனை அழுத்துவதுதான். அழுத்தினால் மேக்ரோ ஓடும். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., முன்பணப் பிடித்தம் எல்லாம் கணக்காகிச் சம்பளச் சீட்டு அச்சாகும், வங்கிக்கு அனுப்பும் பட்டியல் தனிக் கோப்பாகச் சேமிக்கப்படும், பி.எஃப். இணையதளத்தில் ஏற்றும் உரைக்கோப்பும் உருவாகும். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான அலுவலகங்களில் இதே அமைப்பைப் பார்க்கலாம். மேக்ரோ என்பது எக்செல்லுக்குள்ளேயே வி.பி.ஏ. என்ற மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல். அது வேலை செய்யும் வரை, அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது.

இந்தக் கோப்பைப் புதிய எக்செல்லில் திறந்தால், மேலே தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயரோடு `Compatibility Mode` என்று தெரியும். அந்த நிலையில் எக்செல் தன்னைப் பழைய கட்டத்துக்குள் சுருக்கிக்கொள்கிறது. `.xls` கோப்பின் ஒரு தாளில் 65,536 வரிசைகள், 256 நெடுவரிசைகள். கடைசி நெடுவரிசையின் பெயர் IV. 2007இல் வந்த புது வடிவத்தில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். கடைசி நெடுவரிசை XFD. கட்டம் பெரிதானால் நல்லதுதானே என்று தோன்றும். பட்டறைச் சம்பளக் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுக்கப்போவது இந்த மாற்றம்தான். எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எக்செல்லில் ஒரு கலத்துக்குப் பெயர் சூட்டலாம். பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம் என்பதை ஒரு கலத்தில் 0.12 என்று எழுதி, அதற்கு `PF12` என்று அந்த இளைஞர் பெயர் வைத்தார். நல்ல பழக்கம்தான். எக்செல் 2003இல் நெடுவரிசைகள் IV வரைதான் என்பதால் PF என்று ஒரு நெடுவரிசையே கிடையாது. ஆகவே `PF12` என்ற பெயருக்கு எந்தத் தடையும் இல்லை. மேக்ரோவில் இப்படி ஒரு வரி எழுதினார்:

```vba
pf = Round(basic * Range("PF12").Value, 0)
```

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய் வாங்குபவருக்கு 1,680 ரூபாய் பி.எஃப். பிடிபடும். பல ஆண்டுகள் அப்படியே பிடிபட்டது.

இப்போது புதிய எக்செல்லில் கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். புதுக் கட்டத்தில் PF என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதன் பன்னிரண்டாவது வரிசையில் உள்ள கலத்தின் முகவரி `PF12`. ஒரே பெயர் இரண்டுக்கு இருக்க முடியாது என்பதால், மாற்றும்போது எக்செல் நீங்கள் வைத்த பெயரின் முன்னால் ஓர் அடிக்கோடு சேர்த்து `_PF12` என்று ஆக்கிவிடுகிறது. தாளில் உள்ள சூத்திரங்களையும் அதற்கேற்பத் தானே திருத்திவிடுகிறது. ஆனால் மேக்ரோவுக்குள் மேற்கோள் குறிகளுக்கிடையே எழுதியிருப்பது வெறும் எழுத்துகள். அதை எக்செல் தொடுவதில்லை. எனவே மேக்ரோ பழையபடி `PF12`ஐத் தேடுகிறது, கண்டுபிடிக்கவும் செய்கிறது. அது கண்டுபிடிப்பது வலப்பக்கம் எங்கோ தொலைவில், யாரும் எதுவும் எழுதியிராத ஒரு கலத்தை. காலிக் கலத்தின் மதிப்பு கணக்கில் பூஜ்யம். 14,000ஐப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். பி.எஃப். பிடித்தம் 0 என்று சீட்டில் அச்சாகிறது.

எந்தச் செய்தியும் வராது. மேக்ரோ நிற்காது. “ஓடுதுங்க சார், எரர் எதுவும் வரலீங்க” என்று கணக்கர் சொன்னால் அது முழு உண்மை. கையில் கிடைக்கும் தொகை ஆளுக்கு 1,680 ரூபாய் கூடியிருக்கும். நாற்பது பேருக்குச் சராசரி 1,500 என்று வைத்தாலும் 60,000 ரூபாய். சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போயாக வேண்டும், பி.எஃப். கட்ட 15ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. ஆகவே பி.எஃப். உரைக்கோப்பை ஏற்ற உட்காரும்போது தவறு தெரிந்தாலும், அதற்குள் பணம் தொழிலாளர்களின் கணக்கில் ஏறிச் செலவும் ஆகியிருக்கும். அடுத்த மாதச் சம்பளத்தில் திரும்பப் பிடிப்பதற்கு நாற்பது பேருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

ஓரெழுத்து முதல் மூன்றெழுத்து வரை, அதைத் தொடர்ந்து எண்கள் என்று அமைந்த எந்தப் பெயருக்கும் இந்த ஆபத்து உண்டு. எழுத்துகள் XFD-க்குள் அடங்கியிருந்தால் போதும். `ESI1`, `TAX06`, `VAT4`, `OT2` எல்லாமே இன்று கலங்களின் முகவரிகள். கண்டுபிடிப்பது எளிது. கோப்பின் நகலைப் புதிய எக்செல்லில் திறந்து, புது வடிவத்துக்கு மாற்றுவதற்கு முன்பே `Ctrl+F3` அழுத்தினால் `Name Manager` பெயர்களையெல்லாம் வரிசையாகக் காட்டும். அங்கேயே `Edit` அழுத்தி `PF12`ஐ `PF_Rate` என்று மாற்றலாம். சூத்திரங்கள் தாமாக மாறிக்கொள்ளும். மேக்ரோவில் உள்ளதைக் கையால்தான் மாற்ற வேண்டும். `Alt+F11` அழுத்தி நிரல் சாளரத்துக்குப் போய், `Ctrl+F` கொடுத்து, தேடும் எல்லையை `Current Project` என்று வைத்து, பழைய பெயர் வரும் இடங்களையெல்லாம் தேடித் திருத்த வேண்டும். எந்தத் தாள் திறந்திருந்தாலும் பெயரைத்தான் எடுக்க வேண்டும் என்று உறுதிசெய்ய, இப்படி எழுதுவது இன்னும் பாதுகாப்பு:

```vba
pf = Round(basic * ThisWorkbook.Names("PF_Rate").RefersToRange.Value, 0)
```

இப்படி எழுதினால், அந்தப் பெயர் கோப்பில் இல்லாவிட்டால் மேக்ரோ எரர் காட்டி நின்றுவிடும். நிற்பதுதான் நமக்கு வேண்டும். தவறான எண்ணோடு தொடர்ந்து ஓடும் மேக்ரோவைவிட, நின்றுபோகும் மேக்ரோ எவ்வளவோ மேல்.

சத்தம் போடாத இரண்டாவது பிழை, வங்கிப் பட்டியலில் வரும். மேக்ரோ ஒரு புதுக் கோப்பைத் திறந்து, பெயர், கணக்கு எண், தொகை மூன்றையும் அதில் எழுதி, இப்படிச் சேமிக்கிறது:

```vba
wb.SaveAs "D:\Bank\Apr.xls"
```

எக்செல் 2003இல் ஒரே வடிவம்தான் வழக்கம் என்பதால் எந்த வடிவத்தில் சேமிப்பது என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. புதிய எக்செல்லில் புதுக் கோப்பின் இயல்பான வடிவம் `.xlsx`. மேக்ரோ வடிவத்தைச் சொல்லாததால், உள்ளடக்கம் `.xlsx` ஆகவும் பெயர் மட்டும் `.xls` ஆகவும் கோப்பு சேமிக்கப்படுகிறது. சேமிக்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. அதைத் திறப்பவருக்குத்தான், கோப்பின் வடிவமும் பெயரின் பின்னொட்டும் பொருந்தவில்லை, கோப்பு பழுதாகவோ பாதுகாப்பற்றதாகவோ இருக்கலாம் என்ற எச்சரிக்கை வரும். வங்கியின் மென்பொருளாக இருந்தால் பேசாமல் நிராகரித்துவிடும். சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்துகள் `PK` என்றிருந்தால் உள்ளே இருப்பது புது வடிவம். ஏனென்றால் `.xlsx` உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. எல்லா ஜிப் கோப்புகளும் அந்த இரண்டு எழுத்துகளில்தான் தொடங்கும். தீர்வு, வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது:

```vba
wb.SaveAs "D:\Bank\Apr.xls", FileFormat:=56
```

56 என்பது பழைய `.xls` வடிவம், 51 என்பது `.xlsx`, 52 என்பது மேக்ரோவோடு கூடிய `.xlsm`. வங்கி இப்போது `.xlsx`ஐயே ஏற்கிறது என்றால், பெயரையும் எண்ணையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

மேக்ரோவே காணாமல் போகும் வழி ஒன்றும் இருக்கிறது. பழைய `.xls` தரவையும் மேக்ரோவையும் ஒன்றாக வைத்திருந்தது. 2007இல் மைக்ரோசாஃப்ட் அவற்றை இரண்டாகப் பிரித்தது: மேக்ரோ வைத்துக்கொள்ளாத `.xlsx`, வைத்துக்கொள்ளும் `.xlsm`. ஒரு கோப்பில் நிரல் இருக்கிறதா என்பது பெயரைப் பார்த்தாலே தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் `Save As` பட்டியலில் முதலில் கண்ணில் படுவது `Excel Workbook`, அதாவது `.xlsx`. அதைத் தேர்ந்தெடுத்தால் `VB project`ஐ இதில் சேமிக்க முடியாது என்று எக்செல் கேட்கும். கேள்வியைப் படிக்காமல் `Yes` அழுத்தினால் மேக்ரோ இல்லாத கோப்பு தயார். ஏமாற்றம் உடனே தெரிவதில்லை. கோப்பை மூடும் வரை மேக்ரோ நினைவகத்தில் இருப்பதால், அன்று முழுவதும் பட்டன் வேலை செய்யும். மறுநாள் காலையில் திறந்து அழுத்தினால்தான் மேக்ரோ இல்லை என்று தெரியவரும். `File > Info`வில் உள்ள `Convert` என்ற பட்டனோ அசல் கோப்பின் இடத்தில் மாற்றிய கோப்பை வைத்துவிடுகிறது. அதனால் நகல் எடுக்காத கோப்பில் அந்தப் பட்டனைத் தொடவே கூடாது என்பேன்.

அதே பக்கத்தில் `Check for Issues` என்பதன் கீழே `Check Compatibility` என்றொரு வசதி இருக்கிறது. அதை ஓட்டி, பிழை எதுவும் இல்லை என்று வந்ததும் நிம்மதி அடைபவர்கள் அதிகம். அது பார்ப்பது எதிர்த்திசையை. புதிய எக்செல்லில் செய்த வேலை பழைய எக்செல்லில் சரியாகத் தெரியுமா என்று மட்டுமே அது சொல்லும். பழைய மேக்ரோ புதியதில் சரியாக ஓடுமா என்பதை அது பார்ப்பதேயில்லை.

சத்தம் போடும் பிழைகளுக்கு வருவோம். இவை பயமுறுத்தினாலும் எனக்கு அவ்வளவு கவலை தருவதில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடுகின்றன என்பதால். முதலாவது, 64 பிட். எம்.எஸ். ஆபீஸ் 2010 முதல் 32 பிட், 64 பிட் என இரண்டு வகையாக வருகிறது. 2019 முதல், நாம் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் 64 பிட்தான் நிறுவப்படும். விண்டோஸின் உள்வசதிகளை நேராக அழைக்கும் மேக்ரோக்களில் `Declare` என்று தொடங்கும் வரிகள் இருக்கும். அச்சுப்பொறிக்கு ஒரு நொடி அவகாசம் கொடுக்க எழுதிய இந்த வரியைப் போல:

```vba
Private Declare Sub Sleep Lib "kernel32" (ByVal ms As Long)
```

64 பிட் எக்செல் இதைப் பார்த்தவுடன் மறுத்து, `PtrSafe` என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லும். மேலே உள்ள வரிக்கு `Declare PtrSafe Sub` என்று ஆக்கினால் போதும். எல்லா வரிகளுக்கும் அது போதாது. நினைவக முகவரியையோ ஒரு சாளரத்தின் அடையாள எண்ணையோ வாங்கும், தரும் அழைப்புகளில் `Long` என்பதை `LongPtr` என்றும் மாற்ற வேண்டும். `PtrSafe` மட்டும் சேர்த்தால் எரர் போய்விடும், எக்செல்லோ எதிர்பாராத நேரத்தில் மூடிக்கொள்ளலாம். இதை விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிடுவதே சரி.

தேதி தேர்ந்தெடுக்கப் படிவத்தில் வைத்திருந்த நாட்காட்டியும் போய்விடும். `MSCAL.OCX` என்ற அந்தப் பகுதி ஆபீஸ் 2010இலிருந்து கொடுக்கப்படவில்லை. அது இல்லாதபோது வரும் எரர்தான் பலரைக் குழப்புகிறது. நாட்காட்டியைப் பற்றி எதுவும் சொல்லாமல், `Left`, `Format`, `Date` போன்ற சாதாரணச் சொற்களில் நின்று `Can't find project or library` என்று காட்டும். அப்போது நிரல் சாளரத்தில் `Tools > References` போய்ப் பார்த்தால் ஏதாவது ஒரு வரி `MISSING:` என்று தொடங்கும். அதைப் பயன்படுத்தும் நாட்காட்டியைப் படிவத்திலிருந்து நீக்கி, தேதியைத் தட்டச்சு செய்யும் சாதாரணப் பெட்டியை வைத்து, அந்த வரியின் டிக்கை எடுத்துவிட்டால் மற்றவை எல்லாம் சரியாகிவிடும்.

இவ்வளவையும் திருத்த ஆள் கிடைக்கவில்லை என்றால் 32 பிட் ஆபீஸையே நிறுவிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்பது பேர் சம்பளக் கணக்குக்கு 64 பிட்டால் வரும் பலன் எதுவும் கிடையாது. `Declare` வரிகள் அப்படியே ஓடும். ஆனால் `PF12` சிக்கலும் வங்கிப் பட்டியல் சிக்கலும் 32 பிட்டிலும் அதே மாதிரிதான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நிறுவியிருப்பது எந்த வகை என்பதை `File > Account > About Excel` பக்கத்தின் முதல் வரியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சத்தம், சிவப்புப் பட்டை. இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022இலிருந்து மைக்ரோசாஃப்ட் தடுக்கத் தொடங்கியது. பழைய கணினியிலிருந்து புதியதற்குக் கோப்பை மின்னஞ்சலிலோ வாட்ஸ்ஆப்பிலோ அனுப்பிக்கொண்டால், உங்கள் சொந்தக் கோப்பும் இணையத்திலிருந்து வந்ததாகவே குறிக்கப்படும். முன்பு மஞ்சள் பட்டையில் `Enable Content` என்று அழுத்தினால் முடிந்தது. சிவப்புப் பட்டையில் அந்தப் பட்டனே இல்லை. கோப்பை மூடி, அதன்மேல் வலது கிளிக் செய்து, `Properties`இல் கீழே உள்ள `Unblock` பெட்டியில் டிக் போட்டால் தடை நீங்கும். நம்முடைய கோப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வைரஸ்கள் வந்த வழியை அடைக்கத்தான் இந்தத் தடையே வந்தது. மேக்ரோக்களை எல்லாம் அனுமதிக்கும்படி எக்செல்லின் பாதுகாப்பு அமைப்பையே தளர்த்திவிட்டுப் போகும் சர்வீஸ்காரர்கள் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். சம்பளக் கோப்பு இருக்கும் ஒரு ஃபோல்டரை மட்டும் `Trust Center`இல் `Trusted Locations` என்ற இடத்தில் சேர்த்தால் போதும்.

கோப்பு வேறொரு கணினியில் இருந்து, அதை `\\192.168.1.5\Salary` என்று எண்முகவரியால் திறந்தாலும் இதே சிவப்புப் பட்டை வரலாம். எண்முகவரியை விண்டோஸ் இணையம் என்றே எடுத்துக்கொள்கிறது. கணினியின் பெயரால் திறந்தால் அந்தத் தொல்லை இருக்காது.

இனி சோதனை. எந்தக் கோப்புகளைச் சோதிப்பது என்பதே முதல் கேள்வி. பழைய கணினியின் கோப்புத் தேடலில் `ext:.xls` என்று கொடுத்தால் பழைய வடிவக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். கடைசியாக மாற்றிய தேதியால் வரிசைப்படுத்தினால், கடந்த ஓராண்டில் தொட்டவை பெரும்பாலும் இருபது, முப்பதுக்குள் அடங்கிவிடும். அவற்றிலும் `Alt+F11` அழுத்தினால் நிரல் தெரிகிறவை சிலவே. பணமோ அரசுக்குக் கொடுக்கும் கணக்கோ அவற்றில் எதிலிருந்து வெளியே போகிறதோ, அதைத்தான் முழுமையாகச் சோதிக்க வேண்டும். மற்றவற்றைத் திறந்து, அச்சு முன்னோட்டம் பார்த்தால் போதும்.

பட்டறையைப் பொறுத்தவரை சோதிக்க வேண்டியது சம்பளக் கோப்பு. அதன் நகலைப் புதுக் கணினியில் திறந்து, நிரல் சாளரத்தில் `Debug > Compile VBAProject` கொடுக்க வேண்டும். `Declare` சிக்கலும் `MISSING:` சிக்கலும் இதிலேயே வெளிவந்துவிடும். இங்கே எதுவும் வரவில்லை என்றால் மேக்ரோ சரி என்று பொருள் அல்ல. `Range("PF12")` இலக்கணப்படி சரியான வரி. அதை எந்தத் தொகுப்புச் சோதனையும் பிடிக்காது. அதைப் பிடிக்க ஒரே வழி, விடை தெரிந்த கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது.

விடை தெரிந்த கணக்கு நம்மிடம் இருக்கிறது: சம்பளம் கொடுத்து, பி.எஃப். கட்டி, முடித்துவைத்த ஒரு மாதம். எல்லாரும் முழு நாள் வந்த சுமுகமான மாதத்தை எடுத்தால் சோதனை பாதிதான். யாராவது இடையில் சேர்ந்த, யாராவது நின்றுபோன, சம்பளமில்லா விடுப்பு, ஓவர்டைம், முன்பணப் பிடித்தம் எல்லாம் கலந்த மாதத்தை எடுக்க வேண்டும். பி.எஃப். உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். மேக்ரோவின் அந்தக் கிளையும் அப்போதுதான் ஓடும். பழைய கணினியில் அந்த மாதத்தின் முடிவுத் தாளை மதிப்புகளாக மட்டும் நகலெடுத்து, புதுக் கோப்பில் `Old` என்ற தாளாக ஒட்ட வேண்டும். புதுக் கணினியில் அதே வருகைப் பதிவைக் கொடுத்து மேக்ரோவை ஓட்டி, வந்த முடிவை `New` என்ற தாளில் அதே வரிசையில் வைக்க வேண்டும். நாற்பது பேர், பதினோரு நெடுவரிசைகள் என்றால் மூன்றாவது தாளில் இந்த ஒரு சூத்திரம் போதும்:

```
=SUMPRODUCT(--(Old!A2:K41<>New!A2:K41))
```

இரண்டு தாள்களிலும் வேறுபடும் கலங்கள் எத்தனை என்று அது சொல்லும். பூஜ்யம் வர வேண்டும். நம் பட்டறையில் 80 வரும். பி.எஃப். நெடுவரிசையில் நாற்பது, அதனால் மாறிய நிகரச் சம்பளத்தில் நாற்பது. அந்த எண்ணே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. ஒரு நெடுவரிசை முழுவதும் மாறியிருந்தால் பொதுவான விகிதம் ஒன்று போயிருக்கிறது. இரண்டு மூன்று பேர் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் தேதிதான் காரணம்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். புதிதாக வரும் விண்டோஸ் சில நேரம் அமெரிக்க முறையில், மாதம் முன்னால் வரும்படி அமைந்திருக்கும். வேலையில் சேர்ந்த தேதியை உரையாக வைத்து, அதை மேக்ரோ `CDate` கொண்டு தேதியாக்கினால், `05/04/2024` என்பது ஏப்ரல் 5 ஆவதற்குப் பதிலாக மே 4 ஆகிவிடும். `25/04/2024` மட்டும் சரியாக வரும், 25 என்று மாதம் இல்லையே! அதனால் பன்னிரண்டாம் தேதிக்குள் சேர்ந்தவர்கள் கணக்கில் மட்டும் தவறு நிகழும். விண்டோஸின் `Region` அமைப்பை `English (India)` என்று வைத்தால் சரியாகும்.

இந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் சர்வீஸ்காரர் அல்ல, கணக்கர். அதுவும் அவருடைய சொந்த லாகினில், அவர் தினமும் திறக்கும் அதே ஃபோல்டரிலிருந்து, அதே அச்சுப்பொறிக்கு. `Trusted Locations` ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி என்பதால், சர்வீஸ்காரர் லாகினில் ஓடிய மேக்ரோ கணக்கருக்கு ஓடாமல் போகலாம். சம்பளச் சீட்டை ஒன்றாவது காகிதத்தில் அச்சிட்டே பார்க்க வேண்டும். தொழிலாளர் பெயர்கள் பழைய வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தால், அந்த எழுத்துரு புதுக் கணினியில் இல்லாதபோது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். எக்செல் கோப்புக்குள் எழுத்துரு இருப்பதில்லை; அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

வங்கிப் பட்டியலை நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பார்ப்பதும், பி.எஃப். உரைக்கோப்பைப் பழைய மாதத்தின் உரைக்கோப்போடு பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுவதும் இதில் அடங்கும். அந்த உரைக்கோப்பில் ஒவ்வொரு விவரமும் `#~#` என்ற குறியால் பிரிக்கப்பட்டிருக்கும். குறிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு வரியிலும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

எல்லாம் பொருந்திய பிறகும், முதல் மாதச் சம்பளத்தை இரண்டு கணினிகளிலும் போட்டுப் பார்த்துவிட்டே வங்கிக்கு அனுப்புவது நல்லது. பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் ஒப்பிட வேறு வழியே இல்லை. அதை இணையத்தோடு இணைக்காமல் ஒரு மூலையில் வைத்திருந்தால் போதும். ஒரே கணினியில் 32 பிட், 64 பிட் ஆபீஸ்களைச் சேர்த்து நிறுவ முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைத் தீர்மானிப்பது, அந்தக் கோப்பில் மிக அரிதாக அழுத்தப்படும் பட்டன். தீபாவளிக்கு முன் போனஸ் கணக்குப் போடும் மேக்ரோ ஆண்டுக்கு ஒருமுறைதான் ஓடும். அதையும் சென்ற ஆண்டின் தரவைக் கொடுத்து இப்போதே ஓட்டி, கொடுத்துமுடித்த போனஸ் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டால் கணினியைச் சில வாரங்களில் அனுப்பிவிடலாம். ஓட்டிப் பார்க்க முடியவில்லை என்றால், அது அடுத்த தீபாவளி வரை அந்த மூலையிலேயே இருக்கட்டும்.